விடை 66, வந்த வழி எது?

லேப் ரெக்கார்டு நோட்டின் ஒரு பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, தைத்த ஓரம் நிழலில் கிடக்கிறது, பேனா மை அங்கங்கே ஊறியிருக்கிறது. அதில் இருப்பது 8085 நுண்செயலிக்கான பத்து வரி அசெம்பிளி நிரல். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ரெஜிஸ்டர்களில் என்ன மதிப்பு, ஃபிளாக்குகள் எந்த நிலையில் என்று அட்டவணை போட வேண்டும். தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படித்தவர்களில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர்கள் குறைவு. படத்தில் உள்ளதைப் பெயர்த்து எழுதினால் இப்படி வருகிறது.

```
4100  3E 9B     MVI A, 9BH
4102  06 65     MVI B, 65H
4104  80        ADD B
4105  3E F0     MVI A, F0H
4107  04        INR B
4108  88        ADC B
4109  B8        CMP B
410A  D2 0E 41  JNC 410EH
410D  78        MOV A, B
410E  76        HLT
```

முதல் பத்தி நினைவக முகவரி. அடுத்தது ஆப்கோடு, அதாவது செயலி உண்மையில் படிக்கும் எண்கள். மூன்றாவது மனிதர்கள் படிப்பதற்கான எழுத்து வடிவம். எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில் இருக்கின்றன. 9-க்குப் பிறகு 10 முதல் 15 வரை உள்ளவற்றை A முதல் F வரை எழுதுகிறோம், எண்ணின் பின்னால் நிற்கும் H அதற்கான அடையாளம். 9BH என்பது ஒன்பது பதினாறும் ஒரு பதினொன்றும் சேர்ந்த 155. 8085-இன் A, B ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றும் எட்டு பிட் அகலம் என்பதால் அதில் அடங்கும் மிகப் பெரிய எண் FFH, நமது கணக்கில் 255.

1976-இல் இன்டெல் வெளியிட்ட இந்தச் சிப்பைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. 1997-இல் செவ்வாயில் உருண்ட சோஜர்னர் ஊர்தியின் மூளை இதன் ஒரு வடிவமான 80C85-தான். ஆனால் கற்றுக்கொள்வதற்கு இது நல்ல சிப் என்று நான் நினைப்பதற்குக் காரணம் செவ்வாய் அல்ல. இதன் முழு நிலைமையையும் ஒரு காகிதத்தில் எழுதி முடித்துவிட முடிகிறது, அதுதான் காரணம். இந்த நிரலுக்குத் தேவை A, B என்ற இரண்டு ரெஜிஸ்டர்களும் ஐந்து ஃபிளாக்குகளும் மட்டுமே.

ஃபிளாக் என்பது ஒரே ஒரு பிட். கணக்கு முடிந்ததும் அதைப் பற்றிச் செயலி தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. விடையின் முதல் பிட் 1 என்றால் S ஒன்றாகும். விடை பூஜ்யமானால் Z ஒன்றாகும். விடையில் இருக்கும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் P ஒன்றாகும். எட்டு பிட்டைத் தாண்டி ஒன்று வழிந்தால் CY. கீழ் நான்கு பிட்டிலிருந்து மேல் நான்கு பிட்டுக்கு ஒன்று தாவினால் AC.

அட்டவணையை நிரப்பத் தொடங்குவோம். முதல் இரண்டு வரிகள் A-யில் 9B, B-யில் 65 என்று வைக்கின்றன. ஃபிளாக்குகள்? பெரும்பாலானோர் இங்கே ஐந்து கட்டத்திலும் 0 போட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. முன்பு ஓடிய நிரல் எதை விட்டுப் போனதோ அதுவே ஃபிளாக்குகளில் இருக்கும், கிட்டின் ரீசெட் பொத்தானை அழுத்தினால் அவை பூஜ்யமாகும் என்று எந்த உறுதியும் கிடையாது. MVI அவற்றைத் தொடுவதே இல்லை. ஆகவே இரண்டு வரிக்கும் கேள்விக்குறிதான் நேர்மையான பதில்.

மூன்றாவது வரியில்தான் முதல் கணக்கு. 155-உடன் 65H, அதாவது 101, சேர்ந்தால் சரியாக 256. எட்டு பிட்டில் 256 அடங்காது, வழிந்த ஒன்று CY-க்குப் போகிறது, A-யில் மிஞ்சுவது 00. விடை பூஜ்யம் என்பதால் Z ஒன்று. B-யும் ஐந்தும் கூடினால் பதினாறு, கீழ்ப் பாதியிலிருந்து ஒன்று தாவுகிறது, AC-யும் ஒன்று. 00-இல் ஒரு 1-கூட இல்லையே, P எப்படி? பூஜ்யமும் இரட்டைப்படைதான், எனவே அதுவும் ஒன்று. S மட்டும் 0.

நான்காவது வரியில் A-க்குள் F0 வந்து உட்காருகிறது. A இப்போது பூஜ்யம் இல்லை, ஆனாலும் Z ஒன்றாகவே நிற்கும். அட்டவணை போடுபவர்களின் கை இங்கேதான் அதிகம் தவறுகிறது. Z என்பது A-யைப் பற்றிய செய்தி அல்ல, கடைசியாக நடந்த கணக்கைப் பற்றிய செய்தி. மதிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் MVI, MOV, LXI போன்றவை கணக்கு ஆகாது, அவை ஃபிளாக்கைத் தீண்டுவதில்லை. இந்த இடத்தில் ஒரு JZ இருந்திருந்தால், A-யில் F0 இருக்கும்போதே செயலி தாவியிருக்கும்.

ஐந்தாவது வரி INR B. 65 ஒன்று கூடி 66 ஆகிறது. S, Z, AC, P நான்கும் இந்த விடையைப் பார்த்துத் திருத்தப்படுகின்றன. CY மட்டும் திருத்தப்படுவதில்லை. INR, DCR இரண்டுக்கும் 8085-இல் இதுவே விதி, வேண்டுமென்றே வைத்தது. நீளமான எண்களை பைட் பைட்டாகக் கூட்டும்போது ஒரு சுற்றில் வழிந்த ஒன்று அடுத்த சுற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் சுற்றுகளை எண்ணும் ரெஜிஸ்டரை DCR குறைக்கும்போது அது அழிந்துவிடக் கூடாதே. ஆக, மூன்றாவது வரியில் பிறந்த CY இரண்டு வரிகளைத் தாண்டி உயிரோடு இருக்கிறது.

அந்த ஒன்றை ஆறாவது வரி பயன்படுத்துகிறது. ADC B என்றால் A, B, CY மூன்றையும் கூட்டு என்று பொருள். 240, 102, 1 சேர்ந்து 343. 256-ஐக் கழித்தால் 87, பதினாறடிமானத்தில் 57. மறுபடியும் வழிந்ததால் CY ஒன்று. 57-ஐ இரும எண்ணாக எழுதினால் 0101 0111, ஐந்து 1-கள், ஒற்றைப்படை, P பூஜ்யம்.

ஏழாவது வரி CMP B. இது கழித்துப் பார்க்கும், ஆனால் விடையை எங்கும் வைக்காது. A-யில் 57 அப்படியே இருக்கும், ஃபிளாக்குகள் மட்டும் 57-இலிருந்து 66 போனதைச் சொல்லும். சிறியதிலிருந்து பெரியதைக் கழித்ததால் கடன் வாங்க வேண்டியிருந்தது, கழித்தலில் CY என்றால் கடன், அது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த விடை F1. முதல் பிட் 1 என்பதால் S ஒன்று, ஐந்து 1-கள் என்பதால் P பூஜ்யம்.

AC-யில் ஒரு சிக்கல் இருக்கிறது. 7-இலிருந்து 6 போகக் கீழ்ப் பாதியில் கடன் தேவையில்லை, ஆகவே AC பூஜ்யம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் சிப்புக்குள் கழித்தல் அப்படி நடப்பதில்லை. 66-இன் எல்லா பிட்டுகளையும் புரட்டி 99 ஆக்கி, கூடவே ஒன்றையும் சேர்த்துக் கூட்டுகிறது. கீழ்ப் பாதியில் 7, 9, 1 சேர்ந்து பதினேழு, ஒன்று தாவுகிறது, AC ஒன்று. கடைசியில் CY-யை மட்டும் கடன் என்ற பொருள் வரும்படி திருப்பிவிடுகிறார்கள், AC-யைத் திருப்புவதில்லை. விடைத்தாள் திருத்துபவர் எதை ஏற்பார் என்பது வேறு கேள்வி, சிப் ஏற்பது ஒன்றைத்தான். நல்லவேளையாக இந்தச் சண்டையால் நிரலின் போக்கு இங்கே மாறாது. AC-யைப் பார்த்துத் தாவும் கட்டளை 8085-இல் கிடையாது, தசம எண்களைச் சரிசெய்யும் DAA மட்டுமே அதைப் பயன்படுத்துகிறது.

மீதி எளிது. JNC, கடன் இல்லையென்றால் தாவு என்கிறது. கடன் இருக்கிறது, எனவே தாவல் இல்லை. MOV A, B நடந்து A-யில் 66 வருகிறது. HLT-இல் செயலி நின்றுவிடுகிறது. A, B இரண்டில் பெரியதை A-யில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கடைசி நான்கு வரிகளின் வேலை.

| கட்டளை | A | B | S | Z | AC | P | CY |
|---|---|---|---|---|---|---|---|
| MVI A, 9BH | 9B | ? | ? | ? | ? | ? | ? |
| MVI B, 65H | 9B | 65 | ? | ? | ? | ? | ? |
| ADD B | 00 | 65 | 0 | 1 | 1 | 1 | 1 |
| MVI A, F0H | F0 | 65 | 0 | 1 | 1 | 1 | 1 |
| INR B | F0 | 66 | 0 | 0 | 0 | 1 | 1 |
| ADC B | 57 | 66 | 0 | 0 | 0 | 0 | 1 |
| CMP B | 57 | 66 | 1 | 0 | 1 | 0 | 1 |
| JNC 410EH | 57 | 66 | 1 | 0 | 1 | 0 | 1 |
| MOV A, B | 66 | 66 | 1 | 0 | 1 | 0 | 1 |
| HLT | 66 | 66 | 1 | 0 | 1 | 0 | 1 |

இது படத்தைச் சரியாகப் படித்தால் வரும் அட்டவணை. படத்தைச் சரியாகப் படித்தோமா என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

கையெழுத்தில் 8, B, 0 மூன்றும் ஒன்றாகத் தெரியக்கூடியவை. நிழலான படத்தில் இன்னும் மோசம். 8085-இன் ஆப்கோடுகளோ இந்த மூன்றையே சுற்றிச் சுற்றி வருகின்றன. B ரெஜிஸ்டரைக் கூட்டுவது 80, CY-யோடு கூட்டுவது 88, ஒப்பிடுவது B8. இது தற்செயல் அல்ல. A-யோடு இன்னொரு ரெஜிஸ்டரைச் சேர்த்து நடக்கும் எட்டு கணக்குகளுக்கும் ஆப்கோடின் முதல் இரண்டு பிட்டுகள் 10 என்றே இருக்கும், நடுவிலுள்ள மூன்று பிட்டுகள் எந்தக் கணக்கு என்பதையும் கடைசி மூன்று எந்த ரெஜிஸ்டர் என்பதையும் சொல்லும். B-யின் எண் 000 என்பதால் அதன் வரிசை 80, 88, 90, 98, A0, A8, B0, B8 என்று எட்டு எட்டாக ஏறுகிறது. பக்கத்து எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் ADD-க்கும் ADC-க்கும் கடைசி எழுத்தின் வளைவு மட்டுமே வேறுபாடு.

சரி, தவறாகப் படித்தால் என்ன ஆகிறது? முதல் வரியில் 9B-யை 98 என்று படித்தவரின் அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். 98-உம் 65-உம் கூடினால் FD, எதுவும் வழியவில்லை, CY பூஜ்யம். அந்தப் பூஜ்யம் INR-ஐக் கடந்து ADC-க்குப் போகிறது, அங்கே 57-க்குப் பதில் 56 வருகிறது. CMP-இல் 56-உம் 66-ஐவிடச் சிறியதுதான். கடன், தாவல் இல்லை, MOV. கடைசியில் A-யில் 66. விடை சரி!

இரண்டாமவர் படத்தைச் சரியாகப் படித்தார். ஆனால் INR கணக்கில் எதுவும் வழியவில்லையே என்று அந்த வரியில் CY-யைப் பூஜ்யமாக்கிவிட்டார். அவருக்கும் ADC-இல் 56. கடைசியில் 66. மூன்றாமவர் INR விதியும் அறிந்தவர், ஆனால் 88-ஐ 80 என்றும் ADC-யை ADD என்றும் படித்துவிட்டார். CY கையில் இருந்தும் அதைக் கூட்டவில்லை. மறுபடியும் 56, கடைசியில் 66.

மூன்று பேரும் மூன்று வேறு தவறுகள் செய்து ஒரே எண்ணில் போய் நின்றிருக்கிறார்கள், அதற்கப்புறம் நிரலே அவர்களுடைய தவறைத் துடைத்துவிடுகிறது. கடைசி விடையை மட்டும் கேட்கும் ஆசிரியர் மூவருக்கும் முழு மதிப்பெண் போடுவார். வரிக்கு வரி அட்டவணை கேட்பவருக்கு மட்டும் யார் எங்கே சறுக்கினார் என்று தெரியும். 56-ஐப் பார்த்ததும் மேல் நோக்கி CY பத்தியில் ஏற வேண்டும். ADD வரியிலேயே CY பூஜ்யமா? எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார். அங்கே ஒன்றாக இருந்து INR வரியில் பூஜ்யமானதா? விதி தெரியவில்லை. ADC வரி வரைக்கும் ஒன்றாகவே வந்தும் 56 என்றால், கட்டளையையே தவறாகப் படித்திருக்கிறார்.

எல்லாப் பிழையும் இப்படி ஒளிந்துகொள்வதில்லை. அதே 88-ஐ B8 என்று படித்தவர் இரண்டு முறை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். A-யில் F0 அப்படியே இருக்கும், அது 66-ஐவிடப் பெரிது, JNC தாவிவிடும், விடை F0. இந்தப் பிழை சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. அட்டவணைக்கு அவசியம் வருவது சத்தம் போடாத பிழைகளுக்குத்தான்.

படத்தை எப்படி நம்பகமாகப் படிப்பது? முகவரிப் பத்தி ஒரு நல்ல சாட்சி. 4105-க்கு அடுத்து 4107 என்றால் நடுவில் இருப்பது இரண்டு பைட் கட்டளை, 410A-க்கு அடுத்து 410D என்றால் மூன்று பைட். இடைவெளி பொருந்தாவிட்டால் ஒரு வரி நிழலில் போயிருக்கிறது, அல்லது படம் வெட்டுப்பட்டிருக்கிறது. JNC-யின் முகவரி ஆப்கோடில் 0E 41 என்று தலைகீழாகத் தெரிந்தால் அது எழுதியவரின் பிழையல்ல. இந்தக் குடும்பத்துச் சிப்புகள் முகவரியின் கீழ்ப் பாதியை முதலில் வைப்பவை.

80-ஆ 88-ஆ என்பதை முகவரி தீர்க்காது, இரண்டுமே ஒரு பைட். அதே கையெழுத்தில் ஐயமில்லாத இன்னொரு இடத்தைத் தேட வேண்டும். 4104 வரியின் 80 பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டையும் பெரிதாக்கி அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 9B-க்கும் அப்படியே. அந்த எண் ஆப்கோடு பத்தியிலும் எழுத்துப் பத்தியிலும் இரண்டு முறை வருகிறது, "MVI B"-இல் அதே கை எழுதிய B-யும் இருக்கிறது. 9B-யும் 65-உம் கூடி மிச்சமில்லாமல் 256 வருவதும் ஒரு துப்பு. Z, CY இரண்டையும் ஒரே கூட்டலில் எழுப்ப நினைத்துக் கேள்வி தயாரித்தவர்தான் இப்படி எண் தேடியிருப்பார். ஆனால் இது ஊகம், ஆதாரம் ஆகாது. இத்தனைக்கும் பிறகு தீரவில்லையென்றால் இரண்டு வாசிப்புக்கும் இரண்டு அட்டவணை போட்டுவிடுவது உத்தமம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மேலே சொன்ன விதிகள் MVI, INR என்று பேசும் இன்டெல் 8085-க்கு உரியவை. படத்தில் LDA #$00 போல எழுதியிருந்தால் அது 6502 குடும்பம், அங்கே மதிப்பை ஏற்றுவதே Z-ஐ மாற்றிவிடும். LD A, 9BH என்றிருந்தால் Z80. ஆப்கோடுகள் பெரும்பாலும் 8085-உடையவையே, ஆனாலும் கூட்டல் கழித்தலுக்குப் பிறகு P-யின் இடத்தில் 1-களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, குறியுள்ள எண் எல்லை மீறியதா என்ற செய்தி உட்கார்ந்திருக்கும். எந்தச் சிப் என்று தெரியாமல் ஃபிளாக் பத்திகளை வரைவதில் பொருளில்லை.

கடைசியாக, கிட் கையில் இருந்தால் அட்டவணையை அதனிடமே சரிபார்க்கலாம். ஒரு கட்டளையை மட்டும் ஓட்டிவிட்டு நிற்கும் வசதி பல கிட்டுகளில் உண்டு. அது இல்லாவிட்டாலும், HLT-க்கு முன் ஸ்டாக்குக்கு இடம் ஒதுக்கியிருக்கும் நிலையில் PUSH PSW சேர்த்தால் A-யும் ஃபிளாக்குகளும் இரண்டு பைட்டாக நினைவகத்தில் விழும். சேர்க்கும் பைட் HLT-ஐ ஓரிடம் தள்ளும். JNC-யின் முகவரியை 410E-ஆகவே விடுங்கள், தாவினாலும் தாவாவிட்டாலும் PUSH நடக்கும். ஃபிளாக் பைட்டின் அமைப்பு இடமிருந்து S, Z, ஒரு வெற்றிடம், AC, வெற்றிடம், P, வெற்றிடம், CY. நம் நிரலின் முடிவில் அது 1001 0001, அதாவது 91H. 9B-யை 98 ஆக ஏற்றி ஓட்டினால் CMP-இல் வரும் விடை F0, நான்கு 1-கள், P ஒன்றாகி 95H வரும். A-யில் இரண்டுக்கும் 66 இருக்க, ஃபிளாக் பைட் மட்டும் வேறுபடும். 91-க்குப் பதில் B1 என்று கிட் காட்டினால் பதற வேண்டாம். வெற்றிடம் என்று கையேடு விட்டுவைத்த பிட்டுகளில் இரண்டைச் சிப் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்துகிறது. வரும் பைட்டை D5H-உடன் AND செய்துவிட்டு ஒப்பிட்டால் நம்முடைய ஐந்து ஃபிளாக்குகள் மட்டும் மிஞ்சும்.